இந்தச் செய்தி எப்படிப் பிறந்தது?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, வகுப்புப் பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் பள்ளி அலுவலக எண்ணிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தது:

```
ehis fhiy gs;sp ,y;iy
```

மறுநாள் மழை விடுமுறை. அதற்கடுத்த நாள் வகுப்பில் இதைப் பற்றியே பேச்சு. வைரஸ் என்றார்கள் சிலர். யாரோ விளையாட்டாக விசைகளைத் தட்டியது என்றார்கள் வேறு சிலர். நான்கைந்து பேர் இது ரகசியக் குறியீடுதான் என்று எழுத்துகளை முன்னும் பின்னும் நகர்த்தி ஆளுக்கொரு பொருள் கண்டுபிடித்தார்கள். அலுவலகத்தில் விசாரித்தால், "நாங்கள் தமிழில்தானே அனுப்பினோம்" என்கிறார்கள். இப்படிப்பட்ட செய்தி வெற்றுக் கிறுக்கலா, தவறுதலா, சங்கேதமா என்று பிள்ளைகளே முடிவு செய்யப் பழக்கும் செயல்பாடு ஒன்றைச் சொல்ல முடியுமா? பத்துக் குழுக்களாகப் பிரிக்கும் அளவுக்கு மாணவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் கணினி இல்லை. இரண்டு பாடவேளைகள் ஒதுக்க முடியும்.

— கணித ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவர்கள் எழுத்துகளை நகர்த்திப் பார்த்ததில் தவறில்லை. "இதற்கு என்ன பொருள்?" என்ற கேள்வியை முதலில் கேட்டதுதான் சிக்கல். பொருளைத் தேடிப் புறப்பட்டவருக்கு எந்த எழுத்துக் குவியலிலும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். "எதைச் செய்தால் இப்படி ஒரு வரி வரும்?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். விரல்கள் விசைகளில் விழுந்தால் ஒரு விதமான தடம் பதியும். இயந்திரமோ கையோ பிசகினால் வேறு விதம். வேண்டுமென்றே மறைத்தால் இன்னொரு விதம். அந்தத் தடங்களை எண்ணிப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தச் செயல்பாடு.

குழுவுக்கு மூன்று சீட்டுகளும் ஒரு விசைப்பலகைப் படமும் வேண்டும். படத்தில் மூன்று எழுத்து வரிசைகளும், அரைப்புள்ளி, காற்புள்ளி விசைகளும் இருந்தால் போதும். ஆனால் வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி அமைந்திருப்பது படத்தில் சரியாக இருக்க வேண்டும். சீட்டுகளில் இருப்பவை இவை:

```
1.  ;l;;gmlxzssaw
2.  PHHW DW WKH OLEUDUB DIWHU VFKRRO
3.  ehis fhiy gs;sp ,y;iy
```

நான்காவது சீட்டைக் குழுக்களே உருவாக்கட்டும். ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் துண்டுக் காகிதங்களில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, அதைத் திரும்பப் போட்டுக் குலுக்கி அடுத்ததை எடுக்க வேண்டும். இப்படி 27 முறை. தற்செயல் உண்மையில் எப்படித் தோற்றமளிக்கும் என்பதை மாணவர் தம் கையாலேயே பார்த்துவிடுவார்கள். மற்ற மூன்றையும் ஒப்பிட இதுவே அளவுகோல்.

முதல் சோதனை: அண்டை விசைகள்

முதல் சீட்டிலிருந்து தொடங்குங்கள். அது 2021 மார்ச் 28 அன்று அமெரிக்க ராணுவத்தின் அணு ஆயுதப் பொறுப்பை ஏற்றிருக்கும் கட்டளைப் பிரிவின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கில் வெளியானது. ஏவுகணையை ஏவும் சங்கேதம் என்றுகூட அப்போது பலர் எழுதினார்கள். இந்தப் பின்கதையை முதலில் சொல்லாதீர்கள். மாணவர் விசைப்பலகைப் படத்தை எடுத்து, வரியில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு எழுத்துச் சோடியும் ஒரே விசையா, தொட்டுக்கொண்டிருக்கும் விசைகளா, தள்ளியிருப்பவையா என்று குறிக்கட்டும்.

13 குறிகள் இருப்பதால் 12 சோடிகள் கிடைக்கும். அரைப்புள்ளியும் `l`-உம் ஒட்டியவை. திரும்ப `l`-இலிருந்து அரைப்புள்ளி, அதுவும் ஒட்டியது. அடுத்து அரைப்புள்ளி இருமுறை. பிறகு நான்கு சோடிகள் தாவுகின்றன. பின்னர் `xz`, `zs`, `ss`, `sa`, `aw` ஐந்துமே ஒரே மூலையில் அடங்கிவிடுகின்றன. ஆக 12-இல் 8 சோடிகள் ஒட்டியவை. படத்திலுள்ள 28 விசைகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைத் தேர்ந்தால் ஐந்துக்கு ஒரு சோடிதான் இப்படி அமையும். அதாவது 12-இல் இரண்டோ மூன்றோ.

இந்த எட்டைப் பார்த்ததும் மாணவரிடம் கேளுங்கள்: எந்த மொழியாவது, எந்தச் சங்கேதமாவது விசைப்பலகையில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதப்படுமா? படாது. விசைகளின் இருப்பிடத்தைப் பொருட்படுத்துவது விரல்கள் மட்டும்தான். வரியின் தொடக்கத்தில் ஒரு கை விசைப்பலகையின் வலது ஓரத்திலும், முடிவில் இடது ஓரத்திலும் விழுந்திருக்கிறது. இனி நடந்ததைச் சொல்லலாம். தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது அந்தப் பிரிவு விளக்கம் அளித்தது. கணக்கை நிர்வகித்தவர் வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கிறார். கணக்கைத் திறந்தபடி விட்டுச் சற்று நகர்ந்த நேரத்தில் அவருடைய சிறு குழந்தை விசைகளோடு விளையாடியதில் அந்தப் பதிவு போய்விட்டது.

இதே எண்ணிக்கையை இரண்டாம் சீட்டில் செய்தால், சொற்களுக்குள் இருக்கும் 21 சோடிகளில் ஐந்துதான் ஒட்டியவை. மூன்றாம் சீட்டில் 14 சோடிகளில் ஒன்றுகூட இல்லை. எனவே அந்த இரண்டும் விசைகளில் அலைந்த விரல்களின் வேலை அல்ல. உங்கள் வகுப்பில் "யாரோ தட்டியது" என்று சொன்னவர்களுக்கான விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. கணினி விசைப்பலகைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு கைபேசிக்கு அப்படியே பொருந்தாது. அரைப்புள்ளி அங்கே முதல் திரையில் இருக்காது. தானியங்கித் திருத்தம் கிறுக்கலைக்கூட உண்மையான சொல்லாக மாற்றிவிடும். ஆகவே செய்தி எந்தக் கருவியில் தட்டப்பட்டது என்பதைக் குழு முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் சோதனை: ஒத்த சோடிகள்

மொழி எதுவானாலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். எழுத்துக்கு எழுத்தை மாற்றி எழுதும் எளிய சங்கேதத்தில் எழுத்தின் உருவம் மாறினாலும் இந்த ஏற்றத்தாழ்வு மறையாது. அதை ஒரே எண்ணாக அளக்கும் முறையை அமெரிக்கச் சங்கேத அறிஞர் வில்லியம் ஃப்ரீட்மேன் 1922-இல் வெளியிட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு அதைச் சுருக்கி இப்படிக் கொடுக்கலாம்: வரியில் ஏதேனும் இரண்டு இடங்களைத் தொட்டால் இரண்டிலும் ஒரே எழுத்து இருக்கும்படி எத்தனை சோடிகள் உள்ளன? இருமுறை வரும் எழுத்து 1 சோடி தரும். மும்முறை வந்தால் 3. நான்கு முறை வந்தால் 6.

இரண்டாம் சீட்டில் 27 எழுத்துகள். `H`-உம் `W`-உம் நான்கு முறை வருகின்றன, ஆக 12. `D`-உம் `U`-உம் மும்முறை, ஆக 6. `R`, `O`, `K` இருமுறை, ஆக 3. மொத்தம் 21. தங்கள் டப்பாவில் எடுத்த 27 எழுத்துகளுக்கும் குழுக்கள் இதே கணக்கைப் போடட்டும். சராசரியாக 13 அல்லது 14 வரும். பெரும்பாலான குழுக்கள் 10-க்கும் 17-க்கும் நடுவில் நிற்கும். ஓரிரு குழுக்கள் 20-ஐ நெருங்கவும் கூடும். 27 எழுத்து கொண்ட இயல்பான ஆங்கில வரியிலோ 23 சோடிகளை எதிர்பார்க்கலாம்.

பத்துக் குழுக்களின் எண்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, அவற்றுக்குப் பக்கத்தில் 21-ஐ எழுதுங்கள். அது ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறது, ஆனால் வழக்கை முடித்துவைக்கவில்லை. அந்தத் தயக்கத்தை மாணவர் உணர்வது நல்லது. இதே சோதனையை 100 எழுத்து வரியில் செய்தால் தற்செயலில் 190 சோடிகளும் ஆங்கிலத்தில் 330 சோடிகளும் எதிர்பார்க்கப்படும். அங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. சோதனையின் பலம் வரியின் நீளத்தைப் பொறுத்தது என்பதை நீங்கள் சொல்லாமலே எண்கள் சொல்லிவிடும்.

சீட்டை அவிழ்ப்பது இனி எளிது. இரட்டை எழுத்துகளும் மூன்றெழுத்துச் சொல்லும் வழிகாட்டும். `WKH` என்பது `THE` என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு எழுத்தும் அகரவரிசையில் மூன்றிடம் முன்னே தள்ளப்பட்டிருக்கிறது. அதே மூன்றிடத்தை எல்லா எழுத்துக்கும் பின்னே இழுத்தால் `MEET AT THE LIBRARY AFTER SCHOOL` வந்துவிடுகிறது.

மூன்றாம் சோதனை: விதியின் கணக்கு

இப்போது முதல் சீட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அதன் கடைசி மூன்று எழுத்துகள் `saw`. பின்னிருந்து படித்தால் `was`. யாரேனும் ஒருவர் இதைக் கண்டுபிடித்து, "ஆங்கிலச் சொல் இருக்கிறது, அப்படியானால் இது சங்கேதம்தான்" என்று சொல்வார். சொல்லவில்லையென்றால் நீங்களே சுட்டிக்காட்டுங்கள். இந்தச் செயல்பாட்டில் மிகப் பயனுள்ள நிமிடங்கள் இவைதான்.

மூன்று எழுத்துகளை 17,576 விதமாக அடுக்கலாம். ஆங்கில அகராதிகளில் மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்துக்கு மேல். அதாவது ஏறத்தாழ 17 அடுக்குகளுக்கு ஒன்று சொல்லாகவே இருக்கும். முதல் சீட்டின் கடைசி ஒன்பது எழுத்துகளில் முன்னோக்கி ஏழு, பின்னோக்கி ஏழு, ஆக 14 மூன்றெழுத்து அடுக்குகள் உள்ளன. ஒரு சொல் அகப்படுவதில் வியப்பில்லை. அந்த மூன்று விசைகளும் ஒன்றையொன்று ஒட்டியவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே வகுப்புக்கு ஒரு விதி எழுதிப் போடுங்கள்: கண்டுபிடித்த முறை வரி முழுவதற்கும் பொருந்த வேண்டும், இடையில் மாற்றக் கூடாது. `saw` என்று படிப்பவர் மீதி பத்துக் குறிகளை அதே முறையில் படித்துக் காட்டட்டும். முடியாது. இரண்டாம் சீட்டிலோ மூன்று என்ற ஒரே எண்ணைக் கொடுத்து 27 எழுத்துகளையும் திரும்பப் பெற்றோம். கொடுத்தது கொஞ்சம், பெற்றது அதிகம். எழுத்துக்கு ஒரு காரணம் என்று கொடுத்துக்கொண்டே போகிறவர் செய்தியைப் படிக்கவில்லை, தானே எழுதுகிறார். உங்கள் மாணவர்கள் ஆளுக்கொரு பொருள் கண்டது இப்படித்தான் நடந்திருக்கும்.

உங்கள் செய்தி

மூன்றாம் சீட்டைப் பொறுத்தவரை, அலுவலகம் சொன்ன பதில்தான் முதல் தடயம். அவர்கள் திரையில் அது தமிழாகவே தெரிந்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் அச்சுவேலைக்கு வந்த எழுத்துருக்களில் பல, இன்றும் டிடிபி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் புழங்குகின்றன. பாமினி அவற்றுள் ஒன்று. அந்த எழுத்துருவில் தட்டினால் கணினி சேமித்துக்கொள்வது `e`, `h` என்ற ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றுக்கு ந, ா என்ற தமிழ் உருவம் வரைவது எழுத்துருவின் வேலை. அந்த வரியைப் படியெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டும்போது எழுத்துரு கூடவே போகாது. ஆங்கில எழுத்துகள் மட்டும் போய்ச் சேரும்.

பாமினியில் `e` ந, `f` க, `g` ப, `s` ள, `y` ல. `h` துணைக்கால். `p` இகர விசிறி. `i` ஐகாரக் கொம்பு, எழுத்துக்கு முன்னால் தட்டப்படுவது. காற்புள்ளி இ. அரைப்புள்ளி மெய்யின் தலையில் வைக்கும் புள்ளி. இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் குழுக்களிடம் விட்டுவிடுங்கள். `ehis` நாளை, `fhiy` காலை, `gs;sp` பள்ளி, `,y;iy` இல்லை. 18 குறிகளும் மிச்சமின்றிப் பொருந்துகின்றன.

இங்கே இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. மெய்ப்புள்ளி ஒரு மெய்க்குப் பிறகுதான் வரும். சொல்லின் தொடக்கத்தில் வராது, இரண்டு சேர்ந்தும் வராது. மூன்றாம் சீட்டில் இரண்டு அரைப்புள்ளிகளும் இந்த ஒழுங்குக்குள் அடங்குகின்றன. முதல் சீட்டோ அரைப்புள்ளியிலேயே தொடங்குகிறது, நடுவில் இரண்டு சேர்ந்தும் வருகின்றன. ஆகவே அதையும் பாமினித் தமிழாக இருக்குமோ என்று நினைத்த குழு, ஒரு எழுத்தையும் மாற்றிப் பார்க்காமலே அந்த எண்ணத்தைக் கைவிடலாம்.

இனி நுட்பமான கேள்வி. இரண்டாம் சீட்டும் மூன்றாம் சீட்டும் தத்தமக்குரிய ஒரே அட்டவணையால் திரும்பப் பெறப்பட்டவைதானே? ஒன்றைச் சங்கேதம் என்றும் மற்றதைப் பிசகு என்றும் எப்படிச் சொல்கிறோம்? எழுத்துகளை மட்டும் எண்ணி இதற்கு விடை காண முடியாது. அட்டவணை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பாமினி அட்டவணை அனுப்பியவரின் கணினியிலேயே ஏற்கெனவே இருக்கிறது, தானாகவே வேலை செய்கிறது. விடுமுறையை மறைக்க அலுவலகத்துக்குக் காரணமும் இல்லை. எழுத்துகளை மூன்றிடம் தள்ளும் வேலையை எந்த அலுவலகக் கணினியும் தானாகச் செய்வதில்லை. யாரோ ஒருவர் முடிவெடுத்துச் செய்ய வேண்டும். கை பிசகும் பாமினியைப் போல யாரும் முடிவெடுக்காமலே நடப்பது: இரு கைகளும் ஒரு விசை வலப்புறம் நகர்ந்து அமர்ந்துவிட்டால் `come` என்பது `vp,r` ஆகும். சொல்லின் நடுவே நிறுத்தக்குறி முளைப்பதும், சொல் இடைவெளிகள் அப்படியே நிற்பதும் அந்தப் பிசகின் அடையாளங்கள்.

சொல்ல முடியாதவை

பொருள் தெரிந்தால்தான் சங்கேதம் என்று சொல்ல முடியும் என்ற எண்ணத்தை வகுப்பில் வேரூன்ற விடாதீர்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 1982-இல் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் இரண்டாம் உலகப் போர்க்காலத் தூதுப்புறாவின் எலும்புக்கூடு கிடைத்தது. காலில் கட்டிய சிமிழில் ஐந்தைந்து எழுத்தாக 27 தொகுதிகள். பிரிட்டிஷ் அரசின் சங்கேதப் பிரிவு 2012-இல், குறியீட்டு நூல் இல்லாமல் இதைப் படிக்க இயலாது என்று அறிவித்தது. ஆனாலும் அது சங்கேதம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எல்லாத் தொகுதிகளும் ஒரே நீளம். முதல் தொகுதியும் கடைசித் தொகுதியும் ஒன்றே: `AOAKN`. ஐந்து எழுத்துகளின் அடுக்குகள் 1 கோடியே 18 லட்சத்துக்கு மேல். அதில் ஒன்று தற்செயலாக இரண்டு முனைகளிலும் வந்து அமராது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள். நன்றாக அமைத்த சங்கேதத்தில் ஒத்த சோடிகளின் எண்ணிக்கை டப்பாவில் எடுத்த எழுத்துகளுக்குரியதாகவே இருக்கும். அப்படித் தெரியவைப்பதுதான் அதன் நோக்கம். ஆகவே இரண்டாம் சோதனையில் தற்செயல் போலத் தோன்றும் வரியைக் கிறுக்கல் என்று எழுதிவிடக் கூடாது. "மொழியின் ஏற்றத்தாழ்வு தென்படவில்லை" என்பதோடு நிறுத்த வேண்டும். ஐந்தாறு எழுத்தே உள்ள வரியில் எந்தச் சோதனையும் நிற்காது.

பாடவேளைகளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் டப்பா எழுத்துகள், அண்டை விசைகள், ஒத்த சோடிகள். இரண்டாம் நாள் `saw` பற்றிய விவாதம், பாமினி, புறாச் செய்தி. முடிவில் ஒவ்வொரு சீட்டுக்கும் குழு மூன்று வரி எழுதட்டும்: எங்கள் தீர்ப்பு, அதற்கு ஆதாரமான எண், எந்தத் தகவல் கிடைத்தால் தீர்ப்பை மாற்றிக்கொள்வோம். மதிப்பெண்ணில் பாதியை மூன்றாம் வரிக்குக் கொடுங்கள். "இன்னும் சொல்ல முடியாது" என்று எழுதி, அனுப்பியவரின் கருவி எது, அவருடைய மற்றச் செய்திகள் எப்படி வந்தன என்று கேட்கும் குழு முழு மதிப்பெண் பெற வேண்டும். சரியான விடையை ஆதாரமில்லாமல் எழுதிய குழு பெறக் கூடாது.